260 ரூபாய்க்கு அச்சாகும் விளையாட்டை 599 ரூபாய்க்கு விற்கலாமா?

"நானே வடிவமைத்த பலகை விளையாட்டை முதல் தடவையாக 500 பெட்டி அச்சிடப் போகிறேன். 64 சீட்டுகள், மடிக்கும் பலகை, நான்கு காய்கள், இரண்டு பகடைகள், 40 வில்லைகள், எட்டுப் பக்க விதிப் புத்தகம். பெட்டி 8 அங்குலச் சதுரம், 2 அங்குல உயரம். சிவகாசியில் ஒரு பெட்டிக்கு 260 ரூபாய், வரி தனி என்கிறார்கள். இரண்டு மடங்குக்கு மேல் வருகிறதே என்று 599 ரூபாய் விலை வைக்க நினைக்கிறேன். 1000 பெட்டி அடித்தால் இன்னும் மலிவு என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?"

599 ரூபாய்க்கு விற்றால், கடைசிப் பெட்டி வரை விற்றுத் தீர்ந்தாலும் உங்கள் கையிலிருந்து ஏறக்குறைய 37,000 ரூபாய் போகும். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, கணக்கைக் கீழே போட்டிருக்கிறேன். நீங்கள் சொல்லாத தொகைகளுக்கு என் முதல் விளையாட்டில் ஆன செலவையொட்டி எண்களை வைத்திருக்கிறேன். அந்த இடங்களில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், 500 பெட்டி அச்சிட்டால் விற்பதற்கு 500 பெட்டி இருக்காது. என் அனுபவத்தில் நூற்றுக்கு மூன்று பெட்டிகளாவது ஏதோ ஒரு குறையோடு வரும்: மூலை நசுங்கியிருக்கும், பலகையின் மடிப்பில் தாள் வெடித்திருக்கும், லேமினேஷனில் குமிழ் இருக்கும். அப்படி 15 போகும். விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும், கடைகளில் பிரித்து வைத்துக் காட்டுவதற்கும், ஆரம்பத்திலிருந்து கூடவே ஆடிச் சோதித்த நண்பர்களுக்கும் 20. சீட்டு தொலைந்தது, காய் உடைந்தது என்று எழுதுகிறவர்களுக்கு உதிரி அனுப்ப ஐந்து பெட்டியைப் பிரித்தே வைக்க வேண்டியிருக்கும். மீதி 460. அச்சகத்துக்கு நீங்கள் கொடுக்கும் 1,30,000 ரூபாயை 460 ஆல் வகுத்தால் ஒரு பெட்டியின் அடக்கம் 283 ரூபாய். 260 என்ற எண்ணை இத்துடன் மறந்துவிடுங்கள்.

அடுத்தது, அச்சகத்தின் விலைப்புள்ளியில் வராத செலவு. ஓவியருக்கு 60,000, மாதிரிப் பெட்டிகளுக்கும் சோதனை அச்சுக்கும் 10,000, படம் எடுப்பது, விளம்பரம், கண்காட்சி மேசை வாடகை எல்லாம் சேர்த்து 20,000 என்று வைப்போம். மொத்தம் 90,000. ஓவியம் நீங்களே வரைந்ததென்றால் கொடுத்துவைத்தவர், ஆனாலும் அந்த இடத்தில் பூஜ்யம் போடாதீர்கள். இரண்டாவது விளையாட்டுக்கு வேறு ஓவியரை நாடும்போது விலை ஏன் கட்டுபடியாகவில்லை என்று விழிப்பீர்கள்.

ஆக நீங்கள் போடும் முதலீடு 2,20,000 ரூபாய். இனி விலையிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். புதிதாக இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். அச்சுச் செலவிலிருந்து மேலே ஏறி விலைக்கு வருகிறார்கள். விலையிலிருந்து கீழே இறங்கி, வீட்டுக்கு என்ன வந்து சேரும் என்று பார்ப்பதில்லை.

பெட்டியின் மேல் அச்சிடும் எம்ஆர்பி எல்லா வரிகளும் உட்பட்ட தொகை. சதுரங்கப் பலகை, கேரம், லூடோ போன்ற பலகை விளையாட்டுகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. எனவே 599 ரூபாயில் வரி போக உள்ளது 570. வாங்குகிறவருக்கு நேரடியாக அனுப்பினால் அதில் பணம் செலுத்தும் சேவைக்கு விலையில் இரண்டு சதவீதமாக 12, கூரியருக்கு 90, வெளி அட்டைப்பெட்டிக்கும் டேப்புக்கும் 18, வழியில் தொலைந்தும் திரும்பியும் வருவதற்காகப் பெட்டிக்குப் பத்து ரூபாய் போகும். மிஞ்சுவது 440.

கடை வழியாகப் போனால் கணக்கு வேறு. சென்னையிலும் பெங்களூரிலும் நான் பேசிய விளையாட்டுக் கடைகள் எம்ஆர்பியில் 30 முதல் 40 சதவீதம் வரை கழிவு கேட்டன. நடுவில் 35 என்று வைத்தால் கடை உங்களுக்குத் தருவது வரியுடன் 389 ரூபாய். வரி போக 371, பெட்டியைக் கடைக்குச் சேர்க்கும் செலவு 15 போக 356. பாதி நேரடியாகவும் பாதி கடையிலும் விற்றால் சராசரியாகப் பெட்டிக்கு 398 ரூபாய் வரும். 2,20,000 ரூபாயை 398 ஆல் வகுத்துப் பாருங்கள். முதலைத் திரும்ப எடுக்க 553 பெட்டி விற்க வேண்டும். உங்களிடம் இருப்பதோ 460.

இதில் மொத்த விநியோகஸ்தரை நான் சேர்க்கவே இல்லை. அவருக்கும் அவர் கொடுக்கும் கடைக்குமாக எம்ஆர்பியில் பாதி கழிந்தால் வரி போக 285 ரூபாய் வரும். பெட்டியின் அடக்கம் 283. அமெரிக்காவில் உற்பத்திச் செலவைப் போல் ஐந்து மடங்கு விலை வை என்று சொல்வதன் காரணம் இதுதான். அங்கே விநியோகஸ்தர், கடை என்ற இரண்டு படிகள் விலையில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. விநியோகஸ்தர் இல்லாமல் இங்கே சிறிய அளவில் விற்கிறவருக்கு மூன்றரை முதல் நான்கு மடங்கு வரை தேவைப்படும். ஆனால் மடங்குக் கணக்கை நம்பி விலை வைக்காதீர்கள். கணக்கைப் போட்டு முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் அது உதவும்.

விலையை ஏற்றுவதற்கு முன்னால் செலவைக் குறைக்கப் பார்ப்போம். உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது 64 சீட்டுகள். வழக்கமான சீட்டு 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். வெட்டும்போது கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளை தெரியாமலிருக்க நாலா பக்கமும் 3 மில்லிமீட்டர் நிறத்தை நீட்டி அச்சிட வேண்டும். ஆகவே ஒரு சீட்டு தாளில் பிடிக்கும் இடம் 69க்கு 94. சிவகாசியில் சாதாரணமாக ஓடும் 20க்கு 30 அங்குலத் தாள் மில்லிமீட்டரில் 508க்கு 762. குறுகிய பக்கத்தில் ஏழு சீட்டுகள் வைத்தால் 483 ஆகும், மீதியுள்ள 25 மில்லிமீட்டர் எந்திரத்தின் கிரிப்பர் பிடிக்கவும் வண்ணப் பட்டைக்கும் போகும். நீண்ட பக்கத்தில் எட்டு வைத்தால் 752, இருபுறமும் ஐந்தைந்து மில்லிமீட்டர் விளிம்பு. ஏழெட்டு ஐம்பத்தாறு. ஒரு தாளில் 56 சீட்டு என்பது உங்கள் விருப்பமோ என் விருப்பமோ இல்லை, தாளின் அளவு விதித்தது.

இந்த 56 சீட்டுகளுக்கு 500 பெட்டிக்கான செலவை எனக்குக் கிடைத்த விலைகளையொட்டிப் போடுகிறேன். இரு பக்கமும் நான்கு வண்ணம் என்பதால் வண்ணத்துக்கு ஒன்றாக எட்டு அச்சுப் பிளேட், 2,400 ரூபாய். அச்சுக்கூலி 3,600. எந்திரத்தில் நிறம் நிலைப்பதற்குள் வீணாகும் 150 தாள்களையும் சேர்த்து 650 தாள், 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, 7,150. இரு பக்க லேமினேஷன் 3,500. சீட்டின் உருவில் வெட்டும் டை செய்ய 4,500, பஞ்சிங் கூலி 1,500. சீட்டுகளை வரிசையாக அடுக்கிக் கட்ட 2,000. மொத்தம் 24,650. பெட்டிக்கு 49 ரூபாய், சீட்டுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

இப்போது மிச்சமுள்ள எட்டுச் சீட்டுகளுக்கு வாருங்கள். எட்டையும் ஏழு முறை திருப்பி ஒரே தாளில் அடுக்கினால் 500 பெட்டிக்கு 72 தாளே போதும். ஆனால் பிளேட் எட்டும் புதிதாக வேண்டும். எந்திரத்தை மறுபடி கழுவி ஏற்றும் கூலி 72 தாளுக்கும் அதேதான், ஏனென்றால் 1000 தாள் வரை குறைந்தபட்சக் கூலி ஒன்றே. நிறம் நிலைக்க இன்னொரு 150 தாள் வீணாகும். டை மட்டும் பழையதே. எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய்க்கு அருகில் வரும். எட்டே எட்டுச் சீட்டுகளுக்குப் பெட்டிக்கு 22 ரூபாய்! அவற்றைக் குறைத்தால் 260 ரூபாய் 238 ஆகிவிடும். விளையாட்டுக்கு 64 இன்றியமையாதது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். விதிச் சுருக்கம், வெற்றுச் சீட்டு, விளம்பரச் சீட்டு என்று எதையாவது சேர்த்து 64 ஆக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். வேறு அச்சகம் 23க்கு 36 அங்குலத் தாளில் ஓட்டுகிறது என்றால் இந்த எண்ணிக்கை மாறும். ஆகவே சீட்டுகளை முடிவு செய்யும் முன்பே எந்தத் தாளில் ஓட்டுவார்கள் என்று கேட்டுவிட வேண்டும்.

இதேபோல் செலவு ஒளிந்திருக்கும் இன்னொரு இடம் பெட்டி. பெட்டி பெரிதாக இருந்தால் விலை கூடத் தெரியாது என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பலரும் 5000 ஆல் வகுத்து, வரும் எண்ணையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குவார்கள். உங்கள் 8 அங்குலப் பெட்டி வெளி அட்டைக்குள் போனபின் 23, 23, 8 சென்டிமீட்டர். பெருக்கி வகுத்தால் 0.85, அதாவது ஒரு கிலோ கட்டணம். அதையே 12 அங்குலச் சதுரமும் இரண்டரை அங்குல உயரமும் ஆக்கினால் வெளி அட்டை 33, 33, 9 ஆகும். இப்போது 1.96, இரண்டு கிலோ கட்டணம். உள்ளே இருக்கும் பொருள் ஒரு கிராம்கூடக் கூடவில்லை, நீங்கள் காற்றைக் கூரியரில் அனுப்புகிறீர்கள். 8 அங்குலத்திலேயே நில்லுங்கள்.

குறைக்கக் கூடாத இடங்களும் உண்டு. சீட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டால் மலிவு என்று சொல்வார்கள். ஒரு மழைக்காலத்தில் எல்லாச் சீட்டுகளும் வளைந்து அப்பளமாகிவிடும், ஏனென்றால் மூடிய பக்கம் ஈரத்தை உறிஞ்சாது, திறந்த பக்கம் உறிஞ்சும். பலகையும் அப்படித்தான். கிரே போர்டு என்ற கெட்டி அட்டையின் மேல்புறம் அச்சுத் தாளை ஒட்டிவிட்டு அடிப்புறத்தை வெறுமையாக விட்டால் வளையும், அடியிலும் தாள் ஒட்ட வேண்டும். இந்த இரண்டிலும் மிச்சம் பிடிக்கும் காசு, மாற்றுப் பெட்டி அனுப்புவதில் போய்விடும்.

என் முதல் விளையாட்டில் நானே செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சீட்டைச் சுற்றி இரண்டு மில்லிமீட்டரில் மெல்லிய வெள்ளைக் கரை வைத்திருந்தேன், திரையில் அழகாக இருந்தது. பஞ்சிங் எந்திரத்தில் தாள் ஒரு மில்லிமீட்டர் நகர்வது சகஜம். நகர்ந்தபோது ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர், எதிர்ப்பக்கம் மூன்று மில்லிமீட்டர் என்று கரை கோணிக்கொண்டது. நாற்பது கட்டுகளுக்கு மேல் ஒதுக்கினேன். அச்சகத்தைக் குறை சொல்ல வழியில்லை. கரையே இல்லாமல் நிறத்தை விளிம்பு வரை விட்டிருந்தாலோ, கரையை ஐந்து மில்லிமீட்டர் அகலமாக வைத்திருந்தாலோ அந்த ஒரு மில்லிமீட்டரை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். மேலே 15 பெட்டி கழிவு என்று போட்டது, வடிவமைப்பில் இப்படிப்பட்ட வம்பு இல்லாதவர்களுக்கு.

விடுபட்ட சீட்டைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, நகைக்கடைத் தராசைப் போன்ற சிறிய மின்னணுத் தராசு. லேமினேஷன் போட்ட ஒரு சீட்டு ஏறக்குறைய இரண்டு கிராம் இருக்கும். சரியாக எண்ணிய ஒரு கட்டை நிறுத்து வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக வையுங்கள். இரண்டு கிராம் குறைந்தால் ஒரு சீட்டைக் காணோம். ஒரே சீட்டு இரண்டு முறை வந்து இன்னொன்று விடுபட்டிருந்தால் தராசுக்குத் தெரியாது. அதற்குச் சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் எண் போட்டு, பத்துக் கட்டுக்கு ஒன்றையாவது பிரித்துப் பார்க்க வேண்டும். 500 கட்டுக்கு ஒரு நாள் வேலை.

இனி 500 ஆ, 1000 ஆ என்ற கேள்வி. அச்சகத்திடம் ஒரே எண்ணிக்கைக்கு விலை கேட்காதீர்கள், 500க்கும் 1000க்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 56 சீட்டு வடிவத்தில் 500 பெட்டிக்கு 1,19,000, 1000 பெட்டிக்கு 2,00,000 என்று வருவதாக வைப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 81,000. அதை 500 ஆல் வகுத்தால் 162. ஒரு பெட்டி கூடினால் உண்மையில் கூடும் செலவு அவ்வளவுதான். 500 பெட்டிக்கு 162 வீதம் 81,000 போக, மீதி 38,000 ரூபாய் பிளேட், டை, எந்திரம் ஏற்றும் கூலி என்று எத்தனை பெட்டி அடித்தாலும் மாறாத செலவு. இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் 300க்கோ 700க்கோ என்ன வரும் என்று நீங்களே கணக்கிடலாம். அச்சகம் அதற்கு வெகுதூரம் விலகி ஒரு விலை சொன்னால், ஏன் என்று கேட்கலாம்.

நண்பர் சொன்னது தவறில்லை, பெட்டி விலை 238லிருந்து 200 ஆகிறது. ஆனால் பார்க்க வேண்டியது எத்தனையாவது பெட்டியில் முதல் திரும்பும் என்பதை. விலையை 799 ரூபாய் என்று வையுங்கள். முன்பு செய்ததுபோலவே பின்னோக்கி நடந்தால் நேரடி விற்பனையில் 627, கடையில் 480, சராசரி 553 ரூபாய் சொச்சம். 500 அடித்தால் முதல் 2,09,000, அது 378ஆவது பெட்டியில் திரும்பும். 1000 அடித்தால் முதல் 2,90,000, அது 524ஆவது பெட்டியில் திரும்பும். 300 மட்டும் அடித்தால் 320ஆவது பெட்டியில் திரும்ப வேண்டும், அத்தனை பெட்டி உங்களிடம் இருக்காது. ஓவியச் செலவைத் தாங்க 300 போதாது. அதனால்தான் மிகச் சிறிய பதிப்பு பத்திரமானது போலத் தோன்றி ஏமாற்றுகிறது.

378 பேரைப் பிடிக்க முடியுமா, 524 பேரைப் பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முன்பணம் கட்டிய 200 பேர் உங்கள் பட்டியலில் இருந்தால் 1000 அடிப்பதைப் பற்றி யோசிக்கலாம். நன்றாக இருக்கிறது, வந்ததும் வாங்குகிறேன் என்று சொன்னவர்களை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 500 பெட்டிகளின் கன அளவே 37 கன அடி. ஒரு பீரோவை முழுவதும் காலி செய்து அடுக்கினாலும் மிஞ்சும். 1000 என்றால் அதைப்போல் இரண்டு பங்கு, சுவரையொட்டி வைத்தால் ஈரம், தரையில் வைத்தால் கரையான். என் வீட்டில் அந்த அடுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. விருந்தினர்கள் அதன்மேல் காபித் தம்ளரை வைத்தார்கள். முதல் பதிப்புக்கு 500 போதும் என்பது என் தீர்ப்பு.

பணம் வரும் நாளையும் கணக்கில் வையுங்கள். அச்சகம் பாதியை முன்பணமாகவும் மீதியைச் சரக்கு ஏற்றும்போதும் கேட்கும். கடைகளோ விற்ற பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொடுக்கும். நான் கொடுத்த ஒரு கடையிலிருந்து ஏழு மாதம் கழித்து வந்தது. இரண்டாம் பதிப்புக்கு வேண்டிய பணம் கடைக்காரர்களின் கணக்குப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் பாதியையாவது நேரடியாக விற்றுத் தீர வேண்டும் என்கிறேன். அச்சகத்துக்குப் போகும் மாதமும் முக்கியம். ஆடியில் தொடங்கி ஆண்டு முடிவு வரை சிவகாசியில் காலண்டர் வேலை தலைக்குமேல் ஓடும். அப்போது 500 பெட்டி வேலையை வரிசையின் கடைசியில் தள்ளிவிடுவார்கள். தை பிறந்த பிறகு போனால் முகம் கொடுத்துப் பேசுவார்கள், விலையும் கொஞ்சம் இறங்கும்.

சட்டத்தில் இரண்டு விஷயங்கள் நேராக உங்கள் செலவில் வந்து விழும். ஒன்று, 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விளையாடுவதற்கென்று செய்த பொருளுக்கு 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் என்ற அரசுத் தர அமைப்பின் முத்திரை கட்டாயம். அதற்கான சோதனையும் உரிமமும் 500 பெட்டிப் பதிப்பு தாங்கக்கூடியவை அல்ல. உங்கள் விளையாட்டு உண்மையிலேயே பெரியவர்களுக்கானதாக இருந்தால் 14 வயதும் அதற்கு மேலும் என்று பெட்டியில் போட்டு, விளம்பரத்திலும் அதையே சொல்லுங்கள். படமும் ஆட்டமும் ஏழு வயதுப் பிள்ளைக்கு என்று கத்திக்கொண்டிருக்க, மூலையில் 14 என்று போடுவது உங்களைக் காப்பாற்றாது. இரண்டாவது, வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் விற்பனை எவ்வளவு சிறிதானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பதிவு இருந்தால் அச்சகத்துக்குக் கட்டும் வரியை வரவு எடுக்கலாம், மேலே உள்ள கணக்கு அப்படிப் போட்டதுதான். பதிவு இல்லாவிட்டால் அந்த வரியும் அடக்கத்தோடு சேர்ந்துவிடும், 238 என்பது 238 ஆக இருக்காது.

இனி விலை. 799 கட்டுபடியாகும். 460 பெட்டியும் போனால் ஏறக்குறைய 45,000 ரூபாய் மிஞ்சும், அதுவும் உங்கள் உழைப்புக்குக் கூலி போடாமல். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் பெட்டியில் 799 என்று அச்சிட மாட்டேன். பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், புகார் தொடர்பு இவற்றோடு எம்ஆர்பியும் பெட்டியில் இருக்க வேண்டும். விலையைக் குறைக்கலாம், அதற்குப் புதிய விலையை ஸ்டிக்கரில் ஒட்ட விதி இடம் தருகிறது. கூட்டி ஒட்ட இடம் தராது. ஆகவே பெட்டியின் பிளேட் போடும் நாளே விலை முடிவாகும் நாள், அதற்கு முன்னால் வேறு அச்சகத்திலும் ஒரு விலைப்புள்ளி வாங்கிவிடுங்கள்.

பெட்டியில் 899 என்று போடுங்கள். முன்பதிவு செய்கிறவர்களுக்கும் முதல் மாதம் நேரடியாக வாங்குகிறவர்களுக்கும் 799. அப்போது நேரடியில் 627, 899க்கு விற்கும் கடையிலிருந்து 541 வரும், முதல் 358ஆவது பெட்டியில் திரும்பிவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடைகளுக்குச் சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து நீங்களும் 899க்குத்தான் விற்க வேண்டும். கடைக்காரர் 899 என்று அடுக்கி வைத்திருக்கும்போது உங்கள் இணையதளத்தில் 799 என்று கிடந்தால், அவர் அந்தப் பெட்டிகளை அப்படியே கட்டி உங்கள் செலவில் திருப்பி அனுப்புவார்.